மாதம் ₹1,500 என்று வாங்கிய லைசென்ஸ் ₹5,310 ஆன கணக்கு: சிவகாசி டிசைன் கூடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிவகாசியில் அச்சகங்களுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் சிறிய கூடம் அது. நான்கு கணினிகள். உரிமையாளரோடு சேர்த்து இரண்டு பேர் வருடம் முழுக்க வேலை செய்கிறார்கள். பட்டாசுப் பெட்டி லேபிள், நோட்டு அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். மற்ற இரண்டு கணினிகள் காலண்டர் வேலைக்காகப் போட்டவை. ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவரும். அதற்கு முன்பே டிசைன் வேலை சூடு பிடித்துவிடும். ஆர்டர் பிடித்த கடைகளின் பெயரையும் படத்தையும் மாற்றி மாற்றிப் போடும் வேலை மார்கழி வரை இழுக்கும். தை பிறந்தால் அந்த இரண்டு நாற்காலிகளும் காலி.

முதல் ஆண்டு ஏப்ரலில், பழைய டிசைன் மென்பொருளைக் கைவிட்டுச் சந்தா முறையில் வரும் மென்பொருளுக்கு மாற முடிவானது. ஒரு கணினிக்கு ஒரு லைசென்ஸ். விற்பவரின் இணையப் பக்கத்தில் மாதச் சந்தா ₹2,832 என்று போட்டிருந்தது. உள்ளூர் டீலர் கொடுத்த கொட்டேஷனில் ஆண்டுத் திட்டம் பெரிய எழுத்தில் ‘மாதம் வெறும் ₹1,500’ என்று இருந்தது. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய அளவில் ஒரு வரி: ‘ஆண்டுக்கு ஒருமுறை வசூல். வரி தனி. முதல் ஆண்டுக்கு மட்டும்.’

அந்த ஒரு வரியில் மூன்று செய்திகள் இருந்தன. உரிமையாளர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார். 2,832-க்குப் பதில் 1,500 என்றால் ஏறக்குறைய பாதி விலை. நான்கு லைசென்ஸையும் ஆண்டுத் திட்டத்தில் வாங்கினார். பில் ₹84,960 வந்தது.

முதல் ஆண்டில் கவனித்தவை

பில்லைப் பதிவேட்டில் ஏற்றும்போதுதான் கணக்கு எழுதுகிற பெண்ணுக்கு முதல் உறுத்தல். நான்கு பேருக்கு மாதம் 1,500 என்றால் ஆண்டுக்கு ₹72,000. மீதி ₹12,960 எங்கிருந்து வந்தது? 18 சதவீத ஜிஎஸ்டி. இணையப் பக்கத்தில் இருந்த 2,832 வரியோடு சேர்ந்த விலை. வரியை எடுத்தால் அது 2,400. கொட்டேஷனில் இருந்த 1,500 வரி சேராத விலை. ஒரு தட்டில் உமியோடும் இன்னொரு தட்டில் உமி நீக்கியும் வைத்து எடை போட்ட கதைதான். வரியோடு பார்த்தால் ஆண்டுத் திட்டம் மாதத்துக்கு ₹1,770. தள்ளுபடி 47 சதவீதமாகத் தெரிந்தது, உண்மையில் 37.5 சதவீதம்.

வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, அதாவது உள்ளீட்டு வரியை, திரும்ப எடுத்துக்கொள்ளும் நிறுவனமாக இருந்தால், இரண்டையும் வரி நீக்கிப் பார்ப்பதே சரி. இந்தக் கூடம் சிறு தொழில்களுக்கான ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் இருந்தது. அதில் இருப்பவர்களால் உள்ளீட்டு வரியை எடுக்க முடியாது. கட்டிய ஜிஎஸ்டி முழுவதும் செலவு. ஆகவே இங்கே எல்லா விலையையும் வரியோடுதான் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும், இரண்டு விலையும் ஒரே பக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

இரண்டாவது உறுத்தல் மார்ச்சில் வந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சலில், ஒரு லைசென்ஸுக்கு ₹21,600, வரியோடு ₹25,488 என்று இருந்தது. ‘முதல் ஆண்டுக்கு மட்டும்’ என்ற மூன்றாவது செய்தியின் பொருள் அப்போதுதான் விளங்கியது. மாதத்துக்கு 1,770 ஆக இருந்தது 2,124 ஆகிவிட்டது. மாதச் சந்தாவின் விலை மட்டும் மாறவில்லை, அதே 2,832.

அப்படியும் ஆண்டுத் திட்டம்தானே மலிவு என்று உரிமையாளர் நினைத்தார். பணம் அனுப்பும் முன் நடந்த பேச்சு இது:

“நாலு மிஷினும் வருஷம் பூரா ஓடுதா அண்ணாச்சி?”

“ஓடாம என்னம்மா? சும்மாவா கெடக்கு?”

எண்ணிப் பார்த்தது

யாருடைய நினைவையும் நம்பாமல் இரண்டு இடங்களில் பார்த்தார்கள். மென்பொருளின் நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு பயனரும் கடைசியாக உள்ளே வந்த நாள் இருந்தது. ஆனால் அது கடைசி நாளை மட்டும் சொல்லும். நடுவில் இருந்த இடைவெளியைச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு கணினியிலும் வேலைக் கோப்புகள் இருக்கும் போல்டரைத் திறந்து, ‘மாற்றிய தேதி’ வரிசையில் அடுக்கி, எந்தெந்த மாதத்தில் கோப்பு சேமிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்தார்கள். இதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

முதல் இரண்டு கணினிகளிலும் 12 மாதமும் கோப்புகள் இருந்தன. மூன்றாவதில் ஜூலை முதல் டிசம்பர் வரை 6 மாதம். நான்காவதில் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை 4 மாதம்தான். நான்கும் சேர்ந்து 34 மாதம். காசு கட்டியதோ 48 மாதத்துக்கு.

இதற்குப் பிறகு செய்ய வேண்டிய வகுத்தல் ஒன்றுதான். கட்டிய மொத்தத் தொகையை 12-ஆல் வகுக்கக் கூடாது. வேலை நடந்த மாதங்களால் வகுக்க வேண்டும். முதல் ஆண்டில் வருடம் முழுக்க ஓடிய கணினிக்கு 21,240 ÷ 12, அதாவது மாதம் ₹1,770. மூன்றாவது கணினிக்கு 21,240 ÷ 6 = ₹3,540. நான்காவதுக்கு 21,240 ÷ 4 = ₹5,310. மாதம் 1,500 என்று நினைத்து வாங்கிய அதே லைசென்ஸ்தான் இது. மாதச் சந்தாவில் எடுத்திருந்தால் 2,832-தான் ஆகியிருக்கும்.

எத்தனை மாதம் ஓடினால் ஆண்டுத் திட்டம் கட்டுபடியாகும் என்பதற்கு, ஆண்டு விலையை மாத விலையால் வகுத்தால் போதும். விரிதாளில் B பத்தியில் மாத விலை, C பத்தியில் ஆண்டுக்குக் கட்டும் மொத்தம், D பத்தியில் வேலை நடந்த மாதங்கள் என்று வைத்துக்கொண்டு இப்படிப் போட்டார்கள்:

```
=C2/D2      உண்மையான மாதச் செலவு
=C2/B2      சமன் ஆகும் மாதம்
```

முதல் ஆண்டு விலையில் 21,240 ÷ 2,832 = 7.5. அதாவது 8 மாதமாவது ஓடும் கணினிக்குத்தான் ஆண்டுத் திட்டம். புதுப்பிக்கும் விலையில் 25,488 ÷ 2,832 = 9. ஒன்பது மாதம் ஓடினால் இரண்டும் ஒன்று; பத்தாவது மாதம் முதல்தான் ஆண்டுத் திட்டத்தில் லாபம். ஒன்பதில் சரிசமமாக நின்றால் மாதச் சந்தாவையே எடுக்கலாம். நடுவில் நிறுத்தும் வசதி அதில்தான் இருக்கிறது.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் உரிமையாளர் எடுத்த முடிவு முழு முட்டாள்தனம் அல்ல. நான்கையும் மாதச் சந்தாவில் எடுத்திருந்தால் 34 × 2,832 = ₹96,288 ஆகியிருக்கும்; அவர் கட்டியது 84,960. மொத்தத்துக்கு மொத்தம் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம். அதனால்தான் வருடம் முழுக்க யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதல் இரண்டு கணினிகளில் கிடைத்த லாபம் மற்ற இரண்டின் நட்டத்தை மூடி மறைத்தது. ஒவ்வொரு லைசென்ஸையும் தனியாகப் பிரித்து, இரண்டை ஆண்டுத் திட்டத்திலும் இரண்டை மாதச் சந்தாவிலும் எடுத்திருந்தால் ₹70,800-ல் முடிந்திருக்கும். ‘எல்லாம் ஆண்டா, எல்லாம் மாதமா’ என்று கேட்டதில்தான் பிழை.

மூன்றாவது திட்டம் ஒன்று

பேச்சு இந்த நிலையில் இருக்கும்போது டீலர் இன்னொரு வழி சொன்னார். ஆண்டு ஒப்பந்தம், ஆனால் பணம் மாதாமாதம். வரியோடு மாதம் ₹2,242. “மொத்தமா கட்ட வேண்டாம் அண்ணாச்சி, மாசா மாசம் கட்டுங்க” என்றார். கேட்க மாதச் சந்தா போலவே இருந்தது. விலை 590 ரூபாய் குறைவு. சீசன் கணினிகளுக்கு இதையே எடுத்துவிடலாம் என்று உரிமையாளர் சாய்ந்தார்.

விதிமுறையைத் திறந்து பார்த்தபோது, தொடங்கி 14 நாளுக்குப் பிறகு நிறுத்தினால் மீதி மாதங்களின் கட்டணத்தில் பாதியைக் கட்ட வேண்டும் என்று இருந்தது. ஆறு மாதத்தில் நிறுத்தப்போகும் மூன்றாவது கணினிக்கு இதைப் போட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதக் கட்டணம் 13,452. மீதி ஆறு மாதத்தில் பாதி 6,726. மொத்தம் 20,178, வேலை நடந்த மாதத்துக்கு ₹3,363. மாதச் சந்தாவில் 2,832-தான். நான்கே மாதம் ஓடும் கணினிக்கு இது ₹4,484 வரை போகிறது. மாதாமாதம் கட்டுவது வேறு, எந்த மாதமும் நிறுத்தலாம் என்பது வேறு. விலைப் பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில், ஒரே மாதிரி ‘/மாதம்’ என்று முடிகின்றன.

ஆனாலும் இந்தத் திட்டத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. வருடம் முழுக்க ஓடும் இரண்டு கணினிகளுக்கு இதை யோசிக்கலாம். முன்கூட்டியே ₹25,488 கட்டினால் அந்தப் பணம் சராசரியாக ஐந்தரை மாதம் முன்னதாகவே கையை விட்டுப் போகிறது. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தால் சுமார் ₹1,400. மாதத்துக்கு 117 ரூபாய். 2,124-உடன் 117 சேர்த்தால் 2,241. மாதாமாதம் கட்டும் 2,242-க்கு ஒரு ரூபாய்தான் வித்தியாசம். அதனால் 12 சதவீதத்துக்கு மேல் வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இந்த மூன்றாவது திட்டமே மேல். கையில் சும்மா இருக்கும் பணம் என்றால் மொத்தமாகக் கட்டுவதே மேல்.

எடுத்த முடிவும் காரணமும்

காலண்டர் பாக்கி எல்லாம் வசூலாகி ஏப்ரலில் கையில் பணம் இருந்தது. அதனால் முதல் இரண்டு லைசென்ஸையும் ஆண்டுத் திட்டத்தில், மொத்தமாகக் கட்டிப் புதுப்பித்தார்கள். செலவு ₹50,976. மூன்றாவதும் நான்காவதும் புதுப்பிக்கப்படவில்லை. வேலை வரும்போது மாதச் சந்தாவில் எடுப்பது என்று முடிவானது; 10 மாதத்துக்கு ₹28,320. மொத்தத் திட்டச் செலவு ₹79,296. நான்கையும் புதுப்பித்திருந்தால் ₹1,01,952 ஆகியிருக்கும்.

முடிவு எடுக்கும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டார்கள்: இந்த ‘மாதம்’ எத்தனை நாள்? செல்போன் ரீசார்ஜில் பலரும் அடிபட்ட இடம் இது. 28 நாள் திட்டத்தை மாதத் திட்டம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். வருடத்துக்கு அது 12 அல்ல, 13 ரீசார்ஜ். 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றுமாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்த மென்பொருள் தேதிக்குத் தேதி வசூலிப்பது. 5-ம் தேதி தொடங்கினால் அடுத்த 5-ம் தேதி. ஆகவே 12-ஆலேயே கணக்குப் போடலாம் என்று உறுதியானது. 28 நாள் சுற்றாக இருந்தால் மாத விலையை 28-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கி, அதை ஆண்டு விலையோடு ஒப்பிட வேண்டும்.

பிறகு நடந்தது

மூன்றாவது லைசென்ஸ் ஜூலை 5 அன்று எடுக்கப்பட்டது. நான்காவது ஆகஸ்ட் 5. நான்காவதில் சிக்கல் இல்லை. நவம்பர் கடைசி வாரத்தில் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தினார்கள். சுற்று முடியும் டிசம்பர் 4 வரை மென்பொருள் ஓடியது. நான்கு சுற்றோடு முடிந்தது.

மூன்றாவதில் சறுக்கினார்கள். டிசம்பர் 28-லேயே வேலை முடிந்து, அந்த டிசைனர் ஊருக்குப் போய்விட்டார். கணினியை மூடியதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். ஆறாவது சுற்று ஜனவரி 4 அன்று முடிந்தது. மறுநாள் காலை கார்டிலிருந்து ₹2,832 போனது. வேலையே இல்லாத ஏழாவது சுற்று. கேட்டுப் பார்த்தார்கள், தொடங்கிவிட்ட சுற்றுக்குப் பணம் திரும்ப வராது என்பதுதான் விதி.

எச்சரிக்கை வராமல் இல்லை. கார்டில் தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஜனவரி 4 அன்று குறுஞ்செய்தி வந்திருந்தது, வங்கியின் விளம்பரச் செய்திகளுக்கு நடுவே. ₹15,000-க்குள் இருக்கும் தொகை என்பதால் ஓடிபி கேட்காமல் பணம் போய்விட்டது. அந்த வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கொடுத்தால்தான் போகும். வேடிக்கை என்னவென்றால், ஆண்டுத் திட்டத்தின் ₹25,488 நம்மைக் கேட்காமல் போக முடியாது. மாதச் சந்தாவின் ₹2,832 சத்தமில்லாமல் போய்விடும். மாதச் சந்தாவை எடுப்பவர் அதை நிறுத்தும் பொறுப்பையும் சேர்த்தே எடுக்கிறார். ஒப்பிடும்போது அதற்கு ஒரு விலை போட வேண்டும். ஒரு சுற்று மறந்துபோகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது யதார்த்தமானது. மூன்றாவது கணினிக்கு அப்படிப் போட்டாலும் ஏழு சுற்றுதான். ஒன்பதுக்குக் கீழேயே நிற்கிறது.

ஆண்டு முடிவில் கட்டிய மொத்தம் ₹82,128. நான்கையும் புதுப்பித்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட ₹19,824 குறைவு. வேலை நடந்த 34 மாதத்துக்கு வகுத்தால் மாதம் ₹2,416. முதல் ஆண்டில் இதே வகுத்தல் ₹2,499 காட்டியது. ஆண்டுத் திட்டத்தின் விலை 20 சதவீதம் ஏறிய பிறகும், வீணாக ஒரு சுற்று போன பிறகும், உண்மையான மாதச் செலவு இறங்கியிருந்தது.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. 6, 4 என்ற மாதங்கள் ஒரே ஓர் ஆண்டின் கோப்புகளிலிருந்து எடுத்தவை. அடுத்த ஆண்டு பெரிய அச்சகம் ஒன்றின் வேலை கிடைத்து மூன்றாவது கணினி பத்து மாதம் ஓடினால், மாதச் சந்தாவில் ₹28,320 ஆகும். ஆண்டுத் திட்டத்தைவிட 2,832 கூடுதல். அந்த ஆபத்தின் அளவு அவ்வளவுதான். எதிர்ப்பக்கம், ஆண்டுத் திட்டம் எடுத்துவிட்டு ஆறே மாதம் ஓடினால் நட்டம் ₹8,496. எத்தனை மாதம் ஓடும் என்று உறுதியாகத் தெரியாத கணினிக்கு மாதச் சந்தா பக்கம் சாய்ந்ததற்கு இதுவே காரணம்.

அடுத்த முறை மாற்றப்போவது

டீலரிடம் இனி மாத விலை கேட்பதில்லை. ஒரு லைசென்ஸுக்கு முதல் ஆண்டில் வரியோடு கணக்கிலிருந்து போகும் மொத்தம் எவ்வளவு, இரண்டாவது ஆண்டில் எவ்வளவு, நடுவில் நிறுத்தினால் எவ்வளவு என்று கேட்டு, மூன்றையும் எழுத்தில் வாங்குவது. வாயால் சொன்ன புதுப்பிக்கும் விலையை ஆதாரமாகக் கொள்வதில்லை.

நான்காவது லைசென்ஸே வேண்டுமா என்பதும் பேச்சில் இருக்கிறது. அதில் ஓடிய நான்கு மாதத்தில், கடைசி மாதம் முழுக்கச் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். கடை பெயரில் எழுத்துப் பிழை, போன் நம்பர் மாற்றம். அவற்றை மாலை நேரத்தில் இரண்டாவது கணினியில் முடிக்க முடிந்தால் மூன்று சுற்றோடு நிறுத்தலாம்.

சந்தாவை நிறுத்தும் நாளையும் மாற்றியிருக்கிறார்கள். கடைசிச் சுற்று முடியும்வரை காத்திருக்காமல், அது தொடங்கிய மறுநாளே தானாகப் புதுப்பிப்பதை அணைத்துவிடுவது. காசு கட்டிய சுற்று முடியும்வரை மென்பொருள் எப்படியும் ஓடும் என்பது நான்காவது லைசென்ஸில் பார்த்ததுதான். லைசென்ஸ் எடுத்த அன்றே அந்தத் தேதியைக் குறித்தாக வேண்டும். எங்கே குறிப்பது என்று யோசிக்கத் தேவைப்படவில்லை. கூடத்துச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை டிசம்பர் 6 வரை புரட்டி, அந்தத் தாளில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்கள்: ‘3-ம் மிஷின் – இன்னைக்கு நிறுத்து’.